பவர்லைன் அடாப்டரில் தொடர்பு அறுகிறதா? பொத்தானை அழுத்தும் முன் சாக்கெட்டைப் பாருங்கள்

கீழ்த்தளத்தில் ரௌட்டர், மேல்மாடியில் பிள்ளைகள் படிக்கும் அறை. நடுவில் இரண்டு செங்கல் சுவரும் ஒரு கான்கிரீட் தளமும். வைஃபை மேலே போய்ச் சேரவில்லை. சுவரைத் துளைத்து லேன் கேபிள் இழுக்க வாடகை வீட்டில் அனுமதி கிடைக்காது. இப்படிப்பட்ட வீடுகளில் பலர் வாங்கி வைப்பது பவர்லைன் அடாப்டர். ஒன்றை ரௌட்டருக்குப் பக்கத்தில் உள்ள சாக்கெட்டிலும் இன்னொன்றை மேல்மாடி சாக்கெட்டிலும் செருகினால், வீட்டில் ஏற்கெனவே ஓடும் மின்கம்பி வழியாகவே இணையம் மேலே போய்விடும்.

முதல் சில வாரங்கள் எல்லாம் சரியாக இருக்கும். பிறகு ஒருநாள் மாலையில் தொடர்பு அறும். திரும்ப வரும். மீண்டும் அறும். அடாப்டரில் உள்ள சிறிய பொத்தானை அழுத்திப் பார்ப்பார்கள். அதற்குப் பின் வந்துகொண்டிருந்ததும் வராமல் போய்விடும். கடைசியில் அடாப்டர் கெட்டுவிட்டது என்று புதியதாக ஒரு ஜோடி வாங்குவார்கள். அதுவும் ஒரு மாதத்தில் அதையே செய்யும்.

பெரும்பாலான வீடுகளில் கோளாறு அடாப்டரில் இல்லை. அதை எங்கே செருகியிருக்கிறோம், அதன் பக்கத்தில் வேறு என்னென்ன செருகியிருக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. அதனால் சோதிக்கும் வரிசை முக்கியம். முதலில் விளக்கு, அடுத்து சாக்கெட், அதன் பிறகு பக்கத்தில் உள்ள மின்சாதனங்கள், கடைசியில்தான் பொத்தான்.

மின்கம்பியில் இணையம் எப்படிப் போகிறது?

நம் நாட்டில் சாக்கெட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். அதாவது வினாடிக்கு 50 முறை அலையும் மின்சாரம். பவர்லைன் அடாப்டர் அதே கம்பியில் வினாடிக்குப் பல மில்லியன் முறை அலையும் மெல்லிய சமிக்ஞை ஒன்றை ஏற்றி அனுப்புகிறது. ஹோம்பிளக் ஏவி எனும் பழைய வகை 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளைப் பயன்படுத்துகிறது. ஏவி2 எனும் புதிய வகை 86 மெகாஹெர்ட்ஸ் வரை போகும்.

இந்தச் சமிக்ஞை மிகவும் மெல்லியது. அதைக் கெடுக்க இரண்டு காரணங்கள் போதும். ஒன்று, வழியில் யாராவது அதை உறிஞ்சிவிடுவது. மற்றது, பக்கத்தில் யாராவது இரைச்சல் போடுவது. தொடர்பு அறுவதற்கான காரணங்களில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றாகவே இருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் சோதனைகள் ஒவ்வொன்றும் எதற்கு என்பது தானாகவே விளங்கும்.

முதலில் விளக்குகளைப் பாருங்கள்

அடாப்டரில் வழக்கமாக மூன்று விளக்குகள் இருக்கும். ஒன்று மின்சாரம் வருவதைக் காட்டும். ஒன்று லேன் கேபிளில் கணினியோ ரௌட்டரோ இணைந்திருப்பதைக் காட்டும். பெரும்பாலும் வீட்டுச் சின்னம் போட்டிருக்கும் மூன்றாவது விளக்கு, மற்ற அடாப்டரோடு பேச்சு நடக்கிறதா என்பதைக் காட்டும். நாம் கவனிக்க வேண்டியது இந்த மூன்றாவது விளக்கைத்தான். சில வகைகளில் அது பச்சையாக இருந்தால் தொடர்பு நன்று, மஞ்சளானால் சுமார், சிவப்பானால் பலவீனம் என்று பொருள். நிறங்களின் பொருள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால் பெட்டியில் உள்ள தாளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது விளக்கு அணைந்திருந்தால் இரு அடாப்டர்களும் பேசிக்கொள்ளவில்லை. அது சீராக எரிந்தும் இணையம் வரவில்லை என்றால், கோளாறு ரௌட்டரிலோ இணையச் சேவையிலோ இருக்கலாம். ரௌட்டருக்குப் பக்கத்தில் நின்று கைப்பேசியில் வைஃபையைத் திறந்து பாருங்கள். அங்கேயும் இணையம் இல்லையென்றால் அடாப்டரைக் குறை சொல்வதில் பயனில்லை.

மேல்மாடியில் விண்டோஸ் கணினி இருந்தால் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, அடாப்டரிலிருந்து வரும் லேன் கேபிளை மட்டும் செருகி வையுங்கள். கட்டளைச் சாளரத்தைத் திறந்து முதல் கட்டளையைத் தட்டச்சு செய்தால், `Default Gateway` என்ற வரியில் உங்கள் ரௌட்டரின் எண் தெரியும். அந்த எண்ணை இரண்டாவது கட்டளையில் போடுங்கள். இங்கே காட்டியிருப்பது ஓர் எடுத்துக்காட்டு எண்தான்.

```
ipconfig
ping -t 192.168.0.1
```

வினாடிக்கு ஒரு வரியாகப் பதில் வந்துகொண்டே இருக்கும். சீரான தொடர்பில் `time=` என்பதற்குப் பின்னால் சிறிய எண்களே வரும். அது திடீரென நூறுக்கு மேல் தாவினாலோ `Request timed out.` என்று வந்தாலோ, வீட்டுக்குள் ரௌட்டர் வரையிலான பாதையிலேயே பழுது இருக்கிறது. பதில் சீராக வந்தும் இணையம் மட்டும் இல்லையென்றால், பழுது ரௌட்டருக்கு அப்பால் இருக்கிறது. நிறுத்துவதற்குக் கண்ட்ரோல் விசையோடு சி எழுத்தை அழுத்துங்கள். இந்தச் சாளரத்தைத் திறந்தே வைத்திருங்கள். அடுத்து வரும் சோதனைகளுக்கு இது கைகொடுக்கும்.

இன்னொரு விஷயத்தையும் பலர் பழுது என்று எண்ணிவிடுகிறார்கள். லேன் கேபிளில் இணைத்துள்ள கணினியை அணைத்துவிட்டால், பல அடாப்டர்கள் ஐந்து நிமிடம் போல் பொறுத்துப் பார்த்துவிட்டு மின்சாரத்தை மிச்சப்படுத்த உறங்கிவிடும். அப்போது தொடர்பு விளக்கும் அணைந்துவிடும். கணினியைத் திறந்தால் சில வினாடிகளில் தானாக விழித்துக்கொள்ளும். இது பழுதல்ல. எனவே எந்தச் சோதனை செய்தாலும் இரு முனைகளிலும் ரௌட்டரும் கணினியும் இயங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே செய்யுங்கள்.

எக்ஸ்டென்ஷன் போர்டு ஏன் எதிரியாகிறது?

நம் வீடுகளில் டிவிக்குப் பின்னால் ஒரே ஒரு சாக்கெட்தான் இருக்கும். அதில் ஓர் எக்ஸ்டென்ஷன் போர்டு. அந்தப் போர்டில் டிவி, டிகோடர், மோடம், ரௌட்டர், கைப்பேசி சார்ஜர் எல்லாம் தொங்கும். மிச்சமிருக்கும் கடைசித் துளையில் பவர்லைன் அடாப்டரைச் செருகுவோம். அதற்கு இதைவிட மோசமான இடம் வீட்டில் இல்லை.

முதல் காரணம், இடி மின்னல் பாதுகாப்பு உள்ளது என்று விற்கப்படும் போர்டுகள். அவற்றுக்குள் திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் பாகங்கள் இருக்கும். பலவற்றில் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்களும் சேர்ந்திருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைத் தாராளமாக விட்டுவிட்டு, அதற்கு மேற்பட்ட வேகமான அலைகளை அமுக்குவதே வடிகட்டியின் வேலை. பவர்லைன் சமிக்ஞையும் வேகமான அலைதான். வடிகட்டிக்கு இரைச்சலும் ஒன்று, உங்கள் இணையமும் ஒன்று. இரண்டையும் சேர்த்தே அமுக்கிவிடும். யுபிஎஸ் கருவியில் செருகினாலும் இதே கதைதான்.

இரண்டாவது காரணம், பாதுகாப்பு எதுவும் இல்லாத சாதாரணப் போர்டிலும் நேர்வது. டிவி, மடிக்கணினி சார்ஜர் போன்றவற்றின் உள்ளேயும் இதே போன்ற வடிகட்டிகள் சிறிய அளவில் உண்டு. ஒரே போர்டில் அடாப்டருக்கு ஒட்டினாற்போல் நான்கு சாமான்கள் இருந்தால், சமிக்ஞை சுவரை எட்டும் முன்பே அவை ஆளுக்குக் கொஞ்சம் உறிஞ்சிவிடும். அவற்றுள் தரம் குறைந்த ஒரு சார்ஜர் இருந்தால் அது இரைச்சலும் போடும்.

எனவே விதி எளிமையானது. அடாப்டர் நேராகச் சுவர் சாக்கெட்டில் இருக்க வேண்டும். இரு முனைகளிலும் அப்படியே இருக்க வேண்டும். ஒரு முனையைச் சரிசெய்துவிட்டு மறு முனையைப் போர்டிலேயே விட்டுவைத்தால் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

அப்படியென்றால் டிவியையும் மற்றதையும் எங்கே செருகுவது? சில அடாப்டர்களின் முகப்பிலேயே ஒரு மூன்றுகால் சாக்கெட் இருக்கும். அத்தகைய அடாப்டரைச் சுவரில் செருகி, எக்ஸ்டென்ஷன் போர்டை அடாப்டரின் முகப்பில் செருகுங்கள். முகப்புச் சாக்கெட்டுக்கு உள்ளே ஒரு வடிகட்டி வைத்திருப்பார்கள். போர்டில் உள்ள சாமான்களின் இரைச்சலை அது சுவர்க் கம்பிக்குப் போகவிடாமல் தடுக்கும். முன்பு எதிரியாக இருந்த அதே வடிகட்டும் வேலை இப்போது உங்களுக்கு உதவியாகிவிடுகிறது. புதிதாக வாங்குவோர் சில வெள்ளி கூடுதலாக இருந்தாலும் முகப்புச் சாக்கெட் உள்ள வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஒரு வரம்பு உண்டு. முகப்புச் சாக்கெட் வழியாகப் போகும் மொத்த மின்சாரம் அதில் குறிப்பிட்டுள்ள அளவைத் தாண்டக்கூடாது. நம் மூன்றுகால் சாக்கெட்டுக்கு அது 13 ஆம்பியர், அதாவது சுமார் 3,000 வாட். தண்ணீர் சுட வைக்கும் ஜக், இஸ்திரிப் பெட்டி, ரைஸ் குக்கர் ஆகியவற்றை அந்தப் போர்டில் போட வேண்டாம். அவற்றுக்குத் தனிச் சுவர் சாக்கெட் வேண்டும். தோட்டத்து வீடுகளில் சாக்கெட்டுகள் குறைவு என்பதால் ஒரு போர்டில் இன்னொரு போர்டைச் செருகும் பழக்கம் இருக்கிறது. அது அடாப்டருக்கு மட்டுமல்ல, வீட்டுக்கே ஆபத்து.

சாக்கெட்டே பழுதாக இருந்தால்

சுவரில் நேராகச் செருகியும் தொடர்பு அறுகிறது என்றால், அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது சாக்கெட். பவர்லைன் அடாப்டர் சாதாரணப் பிளக்கைவிடக் கனமானது. முகப்பில் இன்னொரு பிளக்கும் தொங்கினால் இன்னும் கீழே இழுக்கும். பழைய சாக்கெட்டின் உள்ளே பிளக்கின் கால்களைப் பிடித்திருக்கும் பித்தளைத் தகடுகள் தளர்ந்து போயிருந்தால், அடாப்டர் சற்றே சாயும். தொடுகை ஒரு கணம் விட்டுப்போகும். விசிறிக்கு அந்த ஒரு கணம் தெரியாது. அடாப்டரோ அணைந்து, மீண்டும் எழுந்து, மற்றதைத் தேடிச் சேர வேண்டும். அதற்குள் பிள்ளையின் இணைய வகுப்பு நின்றுவிடும்.

நம் ஊர்ச் சாக்கெட்டுகள் கெடுவதற்கு ஒரு பழக்கமும் காரணம். இரண்டுகால் பிளக்கை மூன்றுகால் சாக்கெட்டில் நுழைக்க, மேலே உள்ள எர்த் துளையில் பேனாவையோ குச்சியையோ விட்டு அமுக்குவோம். எர்த் துளை வழியாகத்தான் மற்ற இரு துளைகளின் பாதுகாப்பு மூடி திறக்கும். அதைப் பலவந்தமாகத் திறந்து, பொருந்தாத உருண்டைக் கால்களைத் திணிக்கும்போது உள்ளே உள்ள தகடுகள் விரிந்துவிடும். அதே சாக்கெட்டில் பின்னர் மூன்றுகால் அடாப்டரைச் செருகினால் பிடிப்பு இருக்காது. எர்த் தொடர்பும் அடாப்டருக்குத் தேவை. ஏவி2 வகையில் சில, வேகம் கூட்டுவதற்கு எர்த் கம்பியையும் சமிக்ஞைப் பாதையாகப் பயன்படுத்துகின்றன. எர்த் சரியாக இல்லாவிட்டால் அவற்றின் வேகம் விழும்.

சாக்கெட்டா அடாப்டரா என்று பிரித்தறிய ஒரே ஒரு மாற்றுச் சோதனை போதும். சுவிட்சை அணைத்துவிட்டு, கீழே உள்ள அடாப்டரை மேலேயும் மேலே உள்ளதைக் கீழேயும் மாற்றிச் செருகுங்கள். பழுது அதே அறையில் இருந்தால் குற்றவாளி சாக்கெட்டோ அந்த அறைக்கு வரும் கம்பியோதான். பழுது அடாப்டரோடு சேர்ந்து இடம் மாறினால் அடாப்டரில்தான் கோளாறு. முகப்பில் சாக்கெட் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என்றாலும் இந்தச் சோதனை செல்லும்.

சாக்கெட்டைச் சுற்றிப் பழுப்பு நிறம், கருகிய வாடை, ‘சர்’ என்ற சத்தம், தொட்டால் சூடு ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தச் சாக்கெட்டை அன்றே பயன்பாட்டிலிருந்து நிறுத்துங்கள். தளர்ந்த தொடுகை சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். மேல்மூடியைக் கழற்றி நீங்களே திருகு முடுக்க வேண்டாம். பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். சாக்கெட் மாற்றுவது அவருக்குச் சிறிய வேலை. அடாப்டரின் உடல் இலேசாகச் சூடாக இருப்பது மட்டும் வழக்கமானதே. அதற்குக் காற்றோட்டம் வேண்டும். அலமாரிக்குப் பின்னால் துணி மூட்டைகளுக்கிடையே அமுங்கிக் கிடந்தால், சூடு மிஞ்சித் தொடர்பு விட்டு விட்டு வரலாம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

தாமான் ஒன்றில் இரண்டு மாடித் தேரஸ் வீடு. பகலில் மேல்மாடிக் கணினியில் இணையம் நன்றாக வருகிறது. இரவு ஏழரை மணிக்கு மேல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுகிறது. காலையில் மீண்டும் சரியாகிவிடுகிறது. இந்த நேரக் கணக்கே பெரிய துப்பு. சாக்கெட் தளர்ந்திருந்தால் பகல் இரவு பார்க்காமல் அறும். இரவில் மட்டும் அறுகிறது என்றால், இரவில் மட்டும் இயங்கும் ஏதோ ஒன்று இரைச்சல் போடுகிறது.

முதல் வேலையாக, தொடர்பு அறுந்த நேரத்தில் கீழே ரௌட்டருக்கு அருகில் கைப்பேசியில் பார்க்கிறார்கள். இணையம் வருகிறது. ஆகவே சேவையில் குறையில்லை. இரண்டாவதாக, கீழ் அடாப்டரை டிவி போர்டிலிருந்து எடுத்துச் சுவரில் செருகி, போர்டை அதன் முகப்பில் மாட்டுகிறார்கள். மேல்மாடியிலும் மேசைப் போர்டிலிருந்து சுவருக்கு மாற்றுகிறார்கள். இப்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்தது, மணிக்கு ஒருமுறையாகக் குறைகிறது. பாதை சீராகிவிட்டது. இரைச்சல் இன்னும் இருக்கிறது.

மூன்றாவதாக, கணினியில் மேலே சொன்ன இரண்டாவது கட்டளையை ஓடவிட்டு ஒருவர் திரையைப் பார்க்கிறார். இன்னொருவர் வீட்டில் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருகிறார். ஒன்றை அணைத்தால் அரை நிமிடம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒன்றாக அணைத்தால் எது காரணம் என்று தெரியாது. கூடத்து விசிறி, சமையலறை விளக்கு, மீன் தொட்டி மோட்டார் எதிலும் மாற்றமில்லை. மேல்மாடியில் படிக்கும் மேசையின் எல்இடி விளக்கை அணைத்ததும் தாவிக்கொண்டிருந்த எண்கள் சட்டென்று அடங்குகின்றன. மீண்டும் போட்டால் மீண்டும் தாவுகின்றன. இரண்டாவது முறையும் அப்படியே நடந்தால்தான் உறுதி செய்ய வேண்டும். தற்செயலாகவும் ஒருமுறை நடக்கலாம்.

விளக்கின் அடியில் உள்ள மலிவான மின்மாற்றிதான் காரணம். அந்த விளக்கு அடாப்டருக்குப் பக்கத்துச் சாக்கெட்டில் இருந்தது. அதை அடாப்டரின் முகப்புச் சாக்கெட் வழியாக மாற்றினாலும் போதும், அறையின் மறுபக்கச் சாக்கெட்டுக்குக் கொண்டுபோனாலும் பெரும்பாலும் போதும். இரண்டுக்கும் மசியவில்லையென்றால் சிரிம் முத்திரையுள்ள தரமான வேறொரு விளக்கு வாங்குவது, புது அடாப்டர் ஜோடி வாங்குவதைவிட மலிவு. இந்த வீட்டில் ஒரு வேலையிலும் அடாப்டரின் பொத்தானைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதே முறையில் தேடும்போது அதிகமாக மாட்டுபவை கைப்பேசி சார்ஜர்கள், எல்இடி விளக்குகள், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்சுகள், பழைய மோட்டார் உள்ள சாமான்கள் ஆகியவை. சார்ஜரில் கைப்பேசி மாட்டியிருந்தால்தான் இரைச்சல் வரும் என்றில்லை. சும்மா செருகி வைத்திருந்தாலும் சில சார்ஜர்கள் இரைச்சல் போடும். அதனால் சோதனையின்போது சுவிட்சையே அணைத்துவிடுங்கள்.

பொத்தானை எப்போது, எப்படி அழுத்துவது?

பொத்தானுக்கு வேலை வருவது சில நேரங்களில்தான். புதிய அடாப்டர் ஒன்றைச் சேர்க்கும்போது, வேறு வீட்டிலிருந்து வாங்கிய பழைய அடாப்டரைப் பயன்படுத்தும்போது, அல்லது நல்ல சாக்கெட்டில் அருகருகே செருகியும் இரண்டும் ஒன்றையொன்று அறியாதபோது மட்டும்.

அடாப்டர்கள் ஒன்றோடொன்று பேச ஒரு இரகசியச் சாவி வைத்திருக்கின்றன. ஒரே சாவி உள்ளவை மட்டும் ஒரு குழு. ஹோம்பிளக் வகை அடாப்டர்கள் பல, தொழிற்சாலையிலிருந்து ஒரே பொதுச் சாவியோடு வருகின்றன. அதனால்தான் பெட்டியிலிருந்து எடுத்துச் செருகியதும் வேலை செய்கின்றன. ஆனால் பொதுச் சாவி பக்கத்து வீட்டு அடாப்டரிலும் இருக்கலாம். வரிசை வீடுகளில் சமிக்ஞை சுவர் தாண்டி அடுத்த வீட்டுக் கம்பிக்குக் கசியவும் வாய்ப்புண்டு. ஒருமுறையாவது பொத்தானை அழுத்தி உங்கள் வீட்டுக்கென்று தனிச் சாவி ஏற்படுத்திக்கொள்வது பாதுகாப்பு.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஒரே பொத்தானுக்கு எதிரெதிரான இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒரு வினாடி அழுத்திவிட்டால் ‘சேர்த்துக்கொள்’ என்று பொருள். பத்து வினாடி போல் பிடித்துக்கொண்டிருந்தால் ‘பழைய குழுவை விட்டு விலகு’ என்று பொருள். தொடர்பு வரவில்லையே என்ற எரிச்சலில் பலர் நீண்ட நேரம் அமுக்கிப் பிடிக்கிறார்கள். அப்போது அந்த அடாப்டர் தன் சாவியை வீசிவிட்டுப் புதிதாக ஒன்றைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. மற்றது பழைய சாவியோடே இருக்கிறது. இனி அவை அருகருகே இருந்தாலும் பேசாது.

சரியான முறை இது. இரண்டு அடாப்டர்களையும் ஒரே அறையில் அருகருகே உள்ள சுவர் சாக்கெட்டுகளில் செருகுங்கள். இரட்டைச் சாக்கெட் இருந்தால் இன்னும் நல்லது. ஒன்றில் ரௌட்டரையும் மற்றதில் கணினியையும் லேன் கேபிளால் இணைத்து, இரண்டும் விழித்திருக்கச் செய்யுங்கள். இரண்டிலும் பொத்தானைப் பத்து வினாடி பிடியுங்கள். விளக்குகள் அணைந்து மீண்டும் எரியும். ஒரு நிமிடம் பொறுங்கள். இப்போது ரௌட்டர் பக்கத்து அடாப்டரில் ஒரே ஒரு வினாடி அழுத்துங்கள். விளக்கு சிமிட்டத் தொடங்கும். இரண்டு நிமிடத்துக்குள் மற்றதிலும் ஒரு வினாடி அழுத்துங்கள். சிமிட்டல் நின்று தொடர்பு விளக்கு நிலையாக எரிந்தால் சேர்ந்துவிட்டன. பிறகு சுவரிலிருந்து பிடுங்கி அவற்றின் இடத்துக்குக் கொண்டுபோகலாம். மின்சாரம் போனாலும் சாவி அழியாது. மீண்டும் சேர்க்கத் தேவையில்லை.

வீட்டில் ஏற்கெனவே இரண்டு வேலை செய்து, மூன்றாவதைச் சேர்ப்பதாக இருந்தால் பழையவற்றைப் பத்து வினாடி பிடிக்கவே கூடாது. புதியதை மட்டும் அப்படிச் செய்யுங்கள். அதன் பின் வேலை செய்துகொண்டிருக்கும் ஒன்றில் முதலில் ஒரு வினாடி, புதியதில் அடுத்து ஒரு வினாடி. வைஃபையும் தரும் வகை அடாப்டராக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. ரீசெட் என்று தனியாக உள்ள பொத்தானை அழுத்தினால், நீங்கள் வைத்திருந்த வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் அழிந்து தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும்.

அருகருகே வைத்தும் சேரவில்லையென்றால் இரண்டு சாத்தியங்கள் உள்ளன. ஒன்று, அவை வெவ்வேறு மொழி பேசுபவை. ஹோம்பிளக் ஏவியும் ஏவி2உம் ஒன்றோடொன்று பேசும். ஜி.எச்.என் எனும் வகை அவற்றோடு பேசாது. பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். மற்றது, ஏதோ ஒன்று உண்மையிலேயே கெட்டுவிட்டது. நம் நாட்டில் அதற்கு முக்கியக் காரணம் இடி மின்னல். அடாப்டரை நேராகச் சுவரில் செருகச் சொன்னதன் மறுபக்கம் இதுதான். பாதுகாப்புப் போர்டின் துணை அதற்குக் கிடையாது. இடி தொடங்கும் முன்பே அடாப்டரையும் லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், டிபி பெட்டியிலேயே மின்னல் பாதுகாப்புக் கருவி பொருத்த முடியுமா என்று வயர்மேனிடம் கேளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால்

அருகருகே நன்றாகப் பேசும் இரண்டு அடாப்டர்கள் ஒரு குறிப்பிட்ட அறைக்குப் போனால் மட்டும் எப்போதுமே பேசாமல் இருந்தால், அந்த வீட்டுக்கு மும்முனை மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். பல குளிர்சாதனக் கருவிகள் உள்ள பெரிய வீடுகளிலும் கடை வீடுகளிலும் இது வழக்கம். கீழ்த்தளச் சாக்கெட்டுகள் ஒரு முனையிலும் மேல்தளச் சாக்கெட்டுகள் இன்னொரு முனையிலும் இருந்தால், சமிக்ஞை ஒன்றிலிருந்து மற்றதற்குக் கசிந்துதான் போக வேண்டும். அதனால் பலவீனமாக இருக்கும். எந்த அறை எந்த முனையில் என்பதை வயர்மேன் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். பின்கட்டுக்குத் தனி மீட்டர் வைத்திருக்கும் வீடுகளிலும் இதே தடை உண்டு. அத்தகைய அறைகளுக்குப் பவர்லைன் ஏற்ற வழியல்ல. கூரைக்கு மேல் லேன் கேபிள் இழுப்பதோ, மெஷ் வகை வைஃபை வைப்பதோதான் பணத்தை வீணாக்காத முடிவு.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். பெட்டியில் 600 என்று பெரிதாக அச்சிட்டிருப்பது ஏட்டுக் கணக்கு. அந்த வகையில் பல அடாப்டர்களின் லேன் துளையே 100 மெகாபிட் வரைதான் விடும். பழைய வயரிங் உள்ள வீட்டில் அதிலும் பாதிக்குக் கீழே கிடைத்தால் வியப்பில்லை. இணைய வகுப்புக்கும் படம் பார்ப்பதற்கும் அது போதும். குறைந்த வேகம் பழுதல்ல, அறுந்து அறுந்து வருவதுதான் பழுது. அப்படி அறுந்தால் முதலில் கை போக வேண்டிய இடம் பொத்தான் அல்ல, அடாப்டர் செருகியிருக்கும் சாக்கெட்தான்.